கிளை மூடிவிட்டது, என் ஓய்வூதியக் கணக்கை மாற்றித் தாருங்கள்: சார் கருவூல அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சார் கருவூல அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து 2012-இல் ஓய்வு பெற்றவள். வயது 71. என் ஓய்வூதியம் உங்கள் அலுவலகத்திலிருந்துதான் வருகிறது. பணம் வரவாகும் வங்கிக் கிளையை மூடிவிட்டார்கள். அதனால் என் ஓய்வூதியத்தை எங்கள் ஊரிலேயே உள்ள வேறொரு வங்கியின் கணக்குக்கு மாற்றித் தரும்படி கேட்டு இதை எழுதுகிறேன்.

முறையான விண்ணப்பத்தைத் தனியாகக் கொடுத்திருக்கிறேன். என் ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வின் எண்ணும் கணக்கு எண்களும் அதில்தான் இருக்கின்றன, இங்கே எழுதவில்லை. கருவூலத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்கிறவர்களிடம் இந்த இரண்டு எண்ணும் சேர்ந்து கிடைத்துவிடக் கூடாது. அப்புறம் ஏன் எல்லோரும் படிக்கும்படி ஒரு மடல் என்றால், அந்தக் கிளையில் கணக்கு வைத்திருந்த ஓய்வூதியர்கள் எங்கள் தெருக்களில் மட்டும் இருபது பேருக்கு மேல் இருக்கிறோம். எனக்கு நடந்தது அவர்களில் பலருக்கும் நடந்திருக்கிறது, அல்லது இனி நடக்கப் போகிறது.

மார்ச் கடைசியில் கிளை மூடியது. ஷட்டரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். கணக்குகள் எல்லாம் 11 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கிளையோடு சேர்க்கப்பட்டுவிட்டன, கணக்கு எண் மாறாது, வாடிக்கையாளர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று அதில் இருந்தது. மழையில் தாளின் கீழ்ப்பாதி கிழிந்து போயிருந்தது. புதிய ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணைக் கீழ்ப்பாதியில் போட்டிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். வீட்டுக்குத் தனிக் கடிதம் எதுவும் எனக்கு வரவில்லை. கிளையை மூடுவதற்கு முன்பே போதிய அவகாசம் கொடுத்து வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதை நான் அந்த வங்கியிடம் கேட்டுக்கொள்கிறேன், உங்களிடம் கேட்க வேண்டியது வேறு.

கணக்கு எண் மாறாது என்பதைப் படித்துவிட்டு நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். மார்ச் மாத ஓய்வூதியம் வழக்கம்போல ஏப்ரல் தொடக்கத்தில் வந்தது. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கும் வந்தது. ஜூலை 31 அன்று வரவில்லை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பேருந்து மாறி அந்தப் புதிய கிளைக்குப் போனேன். பாஸ்புத்தகத்தைப் பதிந்து கொடுத்தார்கள். ஜூன் 30-க்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. "கருவூலத்திலிருந்து பணமே வரலைம்மா, அங்க கேளுங்க" என்றார் அங்கிருந்த பையன். மறுநாள் உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். கணினியில் பார்த்துவிட்டு, "உங்க பட்டியல் போயிடுச்சு, பணம் அனுப்பியாச்சுன்னு காட்டுது, பேங்க்ல கேளுங்க" என்றார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அது புரிய எனக்கு ஐந்து நாள் பிடித்தது. மற்றவர்களுக்கு அந்த ஐந்து நாள் மிச்சமாகட்டும் என்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஐ.எஃப்.எஸ்.சி. என்பது 11 எழுத்து. முதல் நான்கு வங்கியைக் குறிக்கிறது, ஐந்தாவது பூஜ்யம், கடைசி ஆறு கிளையைக் குறிக்கிறது. கிளையை மூடும்போது கணக்கு எண் அப்படியே இருந்தாலும், அந்தக் கடைசி ஆறு எழுத்துக்கு உரிய கிளை இல்லாமல் போகிறது. வங்கிகள் பழைய எண்ணைச் சில மாதங்கள் உயிரோடு வைத்திருந்து, அதற்கு வரும் பணத்தைப் புதிய கிளைக்குத் திருப்பிவிடுவார்கள். எனக்கு ஜூன் வரை பணம் வந்தது அதனால்தான். அந்த ஏற்பாட்டை நிறுத்தியதும், உங்கள் பதிவில் பழைய எண்ணே இருந்ததால் ஜூலைப் பணம் போன வழியே திரும்பிவிட்டது.

திரும்பிய பணம் என் கணக்கைத் தொடவே இல்லை. ஆகவே பாஸ்புத்தகத்தில் வரவும் இருக்காது, திரும்பியதற்கான பற்றும் இருக்காது. வங்கியில் "வரவே இல்லை" என்று சொன்னது சரிதான். உங்கள் பக்கத்தில், பணம் புறப்பட்டதைப் பதிவு செய்யும் இடம் ஒன்று, திரும்பி வந்ததைப் பதிவு செய்யும் இடம் வேறு. முதல் இடத்தை மட்டும் பார்த்தால் அனுப்பியாச்சு என்றுதான் தெரியும். கடைசியில் உங்கள் அலுவலகத்திலேயே ஒரு அம்மா பொறுமையாகத் திரும்பியவற்றின் பட்டியலைத் திறந்து பார்த்தார், அதில் என் பெயர் இருந்தது. அவருக்கு என் நன்றி. ஓய்வூதியர் ஒருவர் பணம் வரவில்லை என்று வந்தால் முதலில் அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பது வழக்கமாகட்டும் என்பது என் கோரிக்கை. அதில் பெயர் இல்லாவிட்டால், பணம் அனுப்பியதற்கான யு.டி.ஆர். எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். அந்த எண் கையில் இருந்தால் பணம் எங்கே நிற்கிறது என்று வங்கியால் தேடிப் பார்க்க முடியும். "பென்ஷன் வரல" என்று வெறுங்கையோடு போய் நின்றால் அவர்களாலும் தேட முடிவதில்லை.

இதில் எங்களில் பலரைக் குழப்பிய இன்னொரு விஷயம் உண்டு. எனக்கு ஓய்வூதியம் நின்ற அதே வாரத்தில் கேஸ் மானியம் அதே கணக்கில் வந்திருந்தது. "மானியம் வருது, பென்ஷன் மட்டும் எப்படி நிக்கும், கருவூலத்துலதான் ஏதோ நிறுத்திட்டாங்க" என்று பக்கத்து வீட்டு ஐயா உறுதியாகச் சொன்னார். நானும் நம்பினேன். ஓய்வூதியர் உயிரோடு இருப்பதைக் காட்டும் இந்த வருட நேர்காணலில் ஏதோ குறை என்று நினைத்து, இரவெல்லாம் பழைய ரசீதைத் தேடிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால் அந்த மானியம் ஆதார் எண்ணைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று பார்த்து அங்கே போய்ச் சேர்கிறது, கிளை எது என்ற கேள்வியே அதற்கு இல்லை. ஓய்வூதியமோ உங்கள் பதிவில் இருக்கும் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி.யையும் பிடித்துக்கொண்டு வருகிறது. ஒன்று வருவதை வைத்து இன்னொன்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

சரி, பழைய கணக்கையே வைத்துக்கொண்டு ஐ.எஃப்.எஸ்.சி.யை மட்டும் திருத்தினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் அலுவலகத்திலும் அதைத்தான் முதலில் சொன்னார்கள். வேலை சுலபம்தான். ஆனால் எங்களுக்கு அது உதவாது. அந்தக் கிளை 11 கிலோமீட்டர் தள்ளி, முதல் மாடியில் இருக்கிறது. படிக்கட்டு செங்குத்தானது, லிஃப்ட் இல்லை. எங்கள் ஊரில் அந்த வங்கியின் சார்பில் ஒருவர் சின்ன இயந்திரத்தோடு கடையில் உட்கார்ந்திருக்கிறார். அதில் விரல் வைத்தால் பணம் எடுக்கலாம் என்று சொல்கிறார்கள். என் எதிர்வீட்டு அம்மாவுக்கு 84 வயது, குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். அவரை நான்தான் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், இடது கை என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஈரத்துணியில் துடைத்து வைத்தார்கள், தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தார்கள். ஏழாவது முறையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. பாத்திரம் தேய்த்தே ரேகை அழிந்த கை அது. அந்த அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "என் கைதான் சரியில்ல போல" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அந்த இயந்திரத்தை நம்பி அவரால் இருக்க முடியாது. ஏ.டி.எம். அட்டையும் அவருக்குப் பழக்கமில்லை. கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்க, நடந்து போகிற தூரத்தில் ஒரு கிளை வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வேறொரு வங்கியின் கிளை தரைத்தளத்தில் இருக்கிறது. எனக்கும் அவருக்கும் அங்கேதான் கணக்குத் தொடங்கியிருக்கிறோம்.

கணக்குத் தொடங்கியபோது பெயரில் ஒரு சிக்கல் வந்தது. அது உங்கள் மேசைக்கும் வரும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். பி.பி.ஓ.வில் என் பெயருக்கு முன்னால் இருப்பது அப்பாவின் முதலெழுத்து. வேலையில் சேர்ந்தபோது இருந்த பெயர் அது. ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் முழுதாக இருக்கிறது. புதிய வங்கி ஆதாரைப் பார்த்துத்தான் கணக்கைத் தொடங்குகிறது, அதனால் புதிய பாஸ்புத்தகத்தில் உள்ள பெயர் பி.பி.ஓ.வில் உள்ளது போல இல்லை. எங்கள் தலைமுறைப் பெண்களில் பாதிப் பேருக்காவது இப்படித்தான் இருக்கும். பெயர் வேறு என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று நான் கையெழுத்திட்ட உறுதிமொழியை இணைத்திருக்கிறேன். பழைய பாஸ்புத்தகத்தின் நகலும் இருக்கிறது. அதிலும் பி.பி.ஓ.விலும் ஒரே புகைப்படம்தான், மூக்குக் கண்ணாடி போடுவதற்கு முன் எடுத்தது. இது தவிர வேறு சான்று வேண்டுமென்றால் என்ன வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள், கொண்டுவருகிறேன்.

பெயரைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன், ஆனால் எனக்குப் பெரிய பயம் கணக்கு எண்ணில்தான். இப்படி மொத்தமாக அனுப்பும் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் வரவு வைக்கப்படுகிறது. பெயரை யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஒரு இலக்கம் மாறி, அந்த எண்ணில் கணக்கே இல்லையென்றால் நல்லது, பணம் திரும்பிவிடும். அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்தால் என் ஓய்வூதியம் அவருக்குப் போய்ச் சேரும். அவர் எடுத்துச் செலவழித்துவிட்டால் அதை மீட்பது பெரும்பாடு. ஆகவே எண்ணைப் பதிவேற்றும்போது ஓய்வூதியரை எதிரில் உட்காரவைத்து, திரையில் இருக்கும் எண்ணை உரக்கப் படியுங்கள். நாங்கள் பாஸ்புத்தகத்தில் விரல் வைத்துச் சரிபார்க்கிறோம். ஒரு நிமிட வேலைதான். கையால் எழுதிய எண்ணைப் பார்த்து ஏற்றாதீர்கள். என் கையெழுத்து ஆசிரியை கையெழுத்து, தெளிவாகத்தான் இருக்கும். ஆனாலும் 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். அச்சடித்த பாஸ்புத்தக முதல் பக்கத்தின் நகலையே பாருங்கள்.

இன்னொன்று உங்களுக்கும் என் நண்பர்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், சில வருடங்களுக்கு முன் இதேபோல் கணக்கு மாற்றியபோது, பேரன் வீட்டிலிருந்தபடியே கைபேசியில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தான். மார்ச்சில் தொடங்கியது, பத்து நிமிடத்தில் முடிந்தது. அவருக்கு மாதம் 24,000 ரூபாய் வரும். ஏப்ரல் தொடக்கத்தில் மார்ச் மாதப் பணமும், ஏப்ரல் கடைசியில் அந்த மாதப் பணமுமாக இரண்டு தவணை வந்தது. அக்டோபர் வரை ஒழுங்காக எட்டுத் தவணை. நவம்பரில் நின்றுவிட்டது. காரணம் கருவூலத்திலும் இல்லை, ஐ.எஃப்.எஸ்.சி.யிலும் இல்லை. வங்கிக்கு நேரில் போகாமல் ஆதார் ஓ.டி.பி. மட்டும் வைத்துத் தொடங்கும் கணக்கில், ஒரு நிதியாண்டில் மொத்தம் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு வைக்க முடியாது. எட்டுத் தவணைக்கு 1,92,000 ஆகிவிட்டது. ஒன்பதாவது வந்தால் 2,16,000. அதனால் ஒன்பதாவது திரும்பிவிட்டது. அந்தக் கணக்கு ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், அதற்குள் நேரில் போய் முழு கே.ஒய்.சி. முடிக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாது. நேரில் போய் முடித்த பிறகுதான் பணம் வந்தது.

நானும் எதிர்வீட்டு அம்மாவும் நேரில் போய், ஆதாரும் பான் அட்டையும் கொடுத்து, முழு கே.ஒய்.சி. முடித்துத்தான் கணக்குத் தொடங்கியிருக்கிறோம். ஆனால் இனி வரப்போகிறவர்களில் பலர் பிள்ளைகள் கைபேசியில் தொடங்கிய கணக்கோடு வருவார்கள். விண்ணப்பம் வாங்கும் இடத்தில், "கே.ஒய்.சி. முழுசா முடிஞ்சுதா? பேங்க்குக்கு நேர்ல போனீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

இப்போது தேதிக் கணக்கு. இன்று ஆகஸ்ட் 11. இந்த மாதப் பட்டியலை நீங்கள் இன்னும் முடிக்கவில்லை என்றால், ஆகஸ்ட் ஓய்வூதியத்தைப் புதிய கணக்குக்கே அனுப்பிவிடுங்கள். முடித்துவிட்டீர்கள் என்றால், இந்த மாதத்துக்கு மட்டும் பழைய கணக்கின் ஐ.எஃப்.எஸ்.சி.யைத் திருத்தி, அடுத்த மாதம் மறுபடியும் கணக்கை மாற்றுகிற வேலை வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு திருத்தம் ஏறினால் எது கடைசி என்ற குழப்பம் வரும். பழைய விவரத்தோடு பட்டியல் போனால் ஆகஸ்ட் பணமும் திரும்பத்தான் போகிறது. எனக்கு அது தெரியும். சமாளித்துக்கொள்கிறேன். ஜூலை, ஆகஸ்ட் இரண்டையும் செப்டம்பரில் சேர்த்துப் புதிய கணக்கில் போடுங்கள். நான் சொல்வது எனக்கு மட்டும்தான். எதிர்வீட்டு அம்மாவுக்கு மருந்துச் செலவே அந்தக் குடும்ப ஓய்வூதியத்தில்தான் நடக்கிறது. அவருடைய விண்ணப்பத்தை எனக்கு முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பிய ஜூலைப் பணம் தானாக மறுபடி வந்துவிடாது என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்கு நான் தனியாக ஒரு கடிதம் தர வேண்டுமாம். கணக்கு மாற்ற விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் அந்தக் கோரிக்கையையும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். இரண்டையும் ஒரே கோப்பில் நடத்தினால் நல்லது. கணக்கை மாற்றியாகிவிட்டது என்று கோப்பை மூடிவிட்டால், அந்த ஒரு மாதப் பணத்தை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். இங்கே பலருக்கு அப்படித்தான் ஒரு மாதம் விட்டுப்போயிருக்கிறது. அவர்கள் கேட்கத் தயங்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

பழைய கணக்கை நான் இப்போது மூடப் போவதில்லை. புதிய கணக்கில் இரண்டு மாதம் தொடர்ந்து வரவானதைப் பாஸ்புத்தகத்தில் பார்த்த பிறகுதான் மூடுவேன். மாற்றம் நடந்து முடிவதற்குள் பழைய கணக்கை மூடிவிட்டு வந்தவர்கள், உங்கள் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய வங்கியில் நகைக்கடன் இருப்பவர்களும் உண்டு. ஓய்வூதியம் வரும் கணக்கிலிருந்து மாதாமாதம் அதற்குப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முதலில் அந்தத் தவணையை வேறு வழியில் கட்ட ஏற்பாடு செய்துகொண்டு பிறகு வரட்டும். இது அவர்கள் பொறுப்பு, உங்களுடையது இல்லை. ஆனால் இதையும் கேட்டுக்கொள்ளச் சொல்லி அறிவிப்புப் பலகையில் ஒரு வரி போட்டால் உதவியாக இருக்கும்.

கடைசியாக இருபது பேரின் கோரிக்கை. அந்தக் கிளையின் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. உங்கள் பதிவில் இன்னும் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று உங்களால் பார்க்க முடியும், எங்களால் முடியாது. அந்தப் பட்டியலை எடுத்து, அவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தியோ அஞ்சலட்டையோ அனுப்புங்கள். பணம் திரும்பிய பிறகு ஒவ்வொருவராக உங்கள் வாசலில் வந்து நிற்பதைவிட, ஒரே நாளில் எல்லோரையும் வரச் சொல்லி விண்ணப்பம் வாங்கிக்கொண்டால் உங்கள் ஆட்களுக்கும் வேலை குறையும். எழுதத் தெரியாதவர்களுக்கு விண்ணப்பம் நிரப்ப நானும், என்னோடு ஓய்வு பெற்ற இன்னும் இரண்டு ஆசிரியைகளும் வருகிறோம். மை, கார்பன் தாள், பாஸ்புத்தகம் நகலெடுக்கும் செலவு எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகை மட்டும் கொடுங்கள். அதில் எந்த மாதத்திலிருந்து மாற்றம் என்று பேனாவால் எழுதிக் கொடுத்தால், அந்த மாதம் வரை யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

இத்துடன் பி.பி.ஓ. நகல், புதிய பாஸ்புத்தகத்தின் முதல் பக்கம், பழைய பாஸ்புத்தகத்தில் ஜூன் 30 வரவு உள்ள பக்கம், ஆதார், பான் நகல்கள், பெயர் பற்றிய உறுதிமொழி ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு எதிர்வீட்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். எண்ணைச் சரிபார்க்க இருவருடைய பாஸ்புத்தகமும் கையில் இருக்கும். அந்த அம்மாவால் அதிக நேரம் நிற்க முடியாது. ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கருவூலத்தின் ஓர் ஓய்வூதியர்